பழைய தேதியை அழிக்காதீர்கள்

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி 2014 ஜூனில் ஏவப்படும், மொத்தச் செலவு சுமார் 496 கோடி டாலர். 2009-ல் நாசா வகுத்த அடிப்படைத் திட்டம் இது. 'பேஸ்லைன்' என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். வேலை முந்துகிறதா, பிந்துகிறதா என்று அளந்து பார்க்கும் கோடு. தொலைநோக்கி கிளம்பியது 2021 டிசம்பர் 25-ல், ஏறத்தாழ 966 கோடி டாலர் செலவில். இடையில் அந்தக் கோட்டை அழித்து வேறு கோடு போட வேண்டியிருந்தது.

தாமதம் ஆனவுடன் திட்டத்தை மாற்றிவிடக் கூடாது. ஒதுக்கிவைத்த உபரி நாட்களும் பணமும் தாங்கும்வரை, பழைய கோட்டோடு ஒப்பிட்டு 'இத்தனை நாள் பிந்தியிருக்கிறோம்' என்று சொல்வதே நேர்மை. மாதாமாதம் தேதியைத் தள்ளிவைத்தால் அறிக்கையில் எல்லாம் எப்போதும் சரியாகவே தெரியும். மிச்ச வேலையை மிச்சப் பணத்தில் எந்தக் கணக்கிலும் முடிக்க முடியாது என்று ஆகும்போதுதான் கோட்டை மாற்ற வேண்டும்.

வெப் அந்த நிலைக்கு வந்தது 2010-ல். ஒரு செனட்டர் கேட்டதன் பேரில் அமைந்த தனிக்குழு, கோளாறு தொழில்நுட்பத்தில் இல்லை, பட்ஜெட்டிலும் நிர்வாகத்திலும்தான் என்றது. உபரிப் பணம் போதவில்லை. பிரச்சினை வந்தபோதெல்லாம் வேறு வேலைகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினார்கள், தள்ளிய வேலையின் செலவு ஏறியது. காரணம் தெரியாமல் தேதியை மட்டும் மாற்றியிருந்தால் அதே கதை தொடர்ந்திருக்கும்.

2011-ல் புதிய திட்டம் வந்தது: 2018 அக்டோபர், சுமார் 884 கோடி டாலர், உபரியாக 13 மாதங்கள். அதுவும் போதவில்லை. சூரியக் கவசத்தின் திருகுகள் சோதனையில் கழன்று விழுந்தது போன்ற தவறுகள் சேர, 2018-ல் மறுபடியும் திட்டம் மாறியது. இந்த மாற்றங்களை நாசா தனக்குள் முடித்துக்கொள்ள முடியாது. உருவாக்கச் செலவு அடிப்படையைவிட 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால், நாடாளுமன்றம் மீண்டும் அனுமதித்தால்தான் பணி தொடரலாம் என்பது அங்கே சட்டம்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது பதிவுதான். இரண்டு முறை கோடு மாறிய பிறகும் அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் 2009-ன் எண்களோடு ஒப்பிட்டே 'செலவு 95 சதவீதம் ஏறியது' என்று எழுதியது. பழைய எண் பக்கத்தில் இருந்ததால்தான் அந்தக் கணக்கு சாத்தியமானது.

உங்கள் அலுவலகத்திலும் திட்டத்தை மாற்ற நேர்ந்தால் ஒரு பக்கத் தாள் போதும். பழைய தேதியும் தொகையும், இதுவரை ஆன செலவு, மாற்றத்துக்கான காரணம் ஒவ்வொன்றும் எத்தனை நாள், எவ்வளவு பணம் தின்றது, புதிய எண்கள், அவை எந்த அனுமானத்தில் நிற்கின்றன, யார் எந்தத் தேதியில் ஒப்புக்கொண்டார்கள் என்பதை எழுதுங்கள். திட்டத்தை நடத்துபவரே ஒப்புதல் கையெழுத்தும் போட்டால் அந்தத் தாள் செல்லாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.