பெயருக்கு மேலே உள்ள தலைப்பைப் பாருங்கள்

போனில் எந்தெந்தச் செயலி கேமராவையும் மைக்கையும் இருப்பிடத்தையும் தொடலாம் என்ற பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ அக்கா பெண்ணுக்கோ அனுப்பி, "இதுல எதை எடுக்கணும் பாரு" என்று கேட்பது இப்போது பல வீடுகளில் நடக்கிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் வரும் படம் பெரும்பாலும் தவறான பக்கத்தைக் காட்டுகிறது. ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் `Permission manager` என்று தட்டினால் முதலில் வரும் பக்கத்தில் Camera, Location, Microphone என்ற பெயர்களும், அவற்றின் கீழே இத்தனை செயலிகளில் இத்தனைக்கு அனுமதி என்ற எண்ணிக்கையும் இருக்கும். அந்த எண்ணிக்கையிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு பெயரையும் தொட்டு உள்ளே போய், பட்டியலின் கடைசி வரை நகர்த்திப் படம் எடுக்க வேண்டும். பட்டியல் நீளமென்றால் ஒன்றுக்கு இரண்டு படம் ஆகும்.

உள்ளே செயலிகள் சில தலைப்புகளின் கீழ் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். `Allowed all the time` என்றால் திரையில் அந்தச் செயலி திறந்திராதபோதும் அனுமதி உண்டு. `Allowed only while in use` என்றால் பயன்படுத்தும்போது மட்டும். `Ask every time` என்றால் ஒவ்வொரு முறையும் உங்களைக் கேட்கும். `Not allowed` என்றால் இல்லை. செயலியின் பெயரைவிட, அது எந்தத் தலைப்பின் கீழ் நிற்கிறது என்பதே முதலில் கவனிக்க வேண்டியது. வாட்ஸ்அப் மூன்று பட்டியலிலும் இருப்பதைக் கண்டு பதறுபவர்கள், எப்போதும் அனுமதி பெற்ற நாட்காட்டிச் செயலியைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடுகிறார்கள்.

ஒரு போனை எடுத்துக்கொள்வோம். நான் இங்கே அமைத்துக்கொண்ட உதாரணம்தான். ஆனால் நடுத்தர வயதுள்ள பலரின் போன் இப்படித்தான் இருக்கிறது. இருப்பிடப் பட்டியலில் எப்போதும் அனுமதி பெற்றவை மூன்று: கூகுள் மேப்ஸ், ஒரு வானிலைச் செயலி, ஒரு தமிழ் நாட்காட்டிச் செயலி. பயன்படுத்தும்போது மட்டும் என்ற தலைப்பின் கீழ் வாட்ஸ்அப், ஒரு டாக்ஸி செயலி, குரோம், ஒரு டார்ச் செயலி, போன வருடம் வாங்கி அடைத்துவிட்ட ஒரு கடனுக்கான செயலி. கேமராப் பட்டியலில் வாட்ஸ்அப், பணம் அனுப்பும் செயலி, டார்ச், கடன் செயலி. மைக்கில் வாட்ஸ்அப், குரோம், குரலில் தட்டச்சு செய்வதற்காகக் கீபோர்டு, பிறகு அதே கடன் செயலி.

இதை ஒரு தாளில் பெயர் பெயராக எழுதி, எதிரே கேமரா, இருப்பிடம், மைக் என்று மூன்று கட்டம் போட்டு நிரப்புங்கள். மூன்று படங்களைத் தனித்தனியாகப் பார்க்கும்போது தெரியாத ஒன்று இதில் தெரியும்: மூன்று கட்டத்திலும் இருப்பவை வாட்ஸ்அப்பும் கடன் செயலியும் மட்டும். முதலாவது தினமும் பேசப் பயன்படுகிறது. இரண்டாவதுக்கு இனி வேலையே இல்லை.

ஆனாலும் முதலில் கைவைக்க வேண்டியது அதுவல்ல. எப்போதும் அனுமதி பெற்ற மூன்றும்தான் முதல் வேலை. புதிய ஆண்ட்ராய்டு போன்களில் சாதாரணச் செயலிக்குக் கேமராவையும் மைக்கையும் எப்போதும் தருகிற வாய்ப்பே அனுமதிப் பக்கத்தில் கிடையாது. ஆண்ட்ராய்டு 12 முதல் அவை இயங்கும்போது திரையின் மேல் மூலையில் பச்சைப் புள்ளி ஒன்றும் எரியும். இருப்பிடத்துக்கு மட்டுமே 'எப்போதும்' என்ற வாசல் திறந்திருக்கிறது. பின்னணியில் அது படிக்கப்படும்போது கண்ணில் படுகிற அடையாளம் பெரும்பாலும் எதுவும் இருப்பதில்லை. இரவில் எங்கே தங்குகிறீர்கள், பகலில் எங்கே வேலை, எந்த மருத்துவமனைக்கு எத்தனை முறை போனீர்கள் என்பதெல்லாம் சில வார இருப்பிடப் பதிவிலேயே தெரிந்துவிடும். கேமராவை நினைத்துத்தான் மக்கள் அதிகம் பயப்படுகிறார்கள். என் வரிசையில் அது கடைசி.

நாட்காட்டிச் செயலி இருப்பிடம் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. சூரிய உதயத்தை வைத்து ராகு காலத்தையும் நல்ல நேரத்தையும் கணக்கிடுகிறவர்களுக்கு ஊர் தெரிய வேண்டும். சென்னைக்கும் கோவைக்கும் சூரிய உதயத்தில் பத்துப் பதினைந்து நிமிட வித்தியாசம் வரும். ஆனால் அதற்கு ஊர் போதும், தெரு வேண்டாம். ஆண்ட்ராய்டு 12 முதல் ஒவ்வொரு செயலியின் இருப்பிட அனுமதிப் பக்கத்திலும் `Use precise location` என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அணைத்தால் செயலிக்குக் கிடைப்பது ஏறக்குறைய 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் நீங்கள் எங்கோ இருக்கிறீர்கள் என்ற தகவல் மட்டும். அந்த அளவு பிசகினால் உதய நேரம் சில விநாடிதான் மாறும். ஊரை நீங்களே தேர்ந்தெடுக்கும் வசதி செயலியில் இருந்தால் அனுமதியே தேவையில்லை. வானிலைச் செயலிக்கும் இதே கணக்குதான். பட்டியல் படத்தில் இந்தத் துல்லியப் பொத்தானின் நிலை தெரியாது; ஒவ்வொரு பெயரையும் தொட்டு உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

மேப்ஸில், நீங்கள் போன இடங்களின் பதிவை வைத்துக்கொள்ளும் டைம்லைன் வசதியை விரும்பிப் பயன்படுத்துபவர்களுக்கு எப்போதும் அனுமதி தேவைப்படும். வழி பார்ப்பதற்கு மட்டும் என்றால் பயன்படுத்தும்போது போதும். வழிகாட்டிக்கொண்டிருக்கும்போது திரையை அணைத்தாலும் வழி நிற்காது, ஏனென்றால் மேலே அறிவிப்பு ஒன்றைக் காட்டியபடி ஓடும் செயலியையும் போன் 'பயன்பாட்டில்' என்றே கணக்கிடுகிறது. அதனால் இந்தத் தலைப்பின் கீழ் இருக்கும் வேறு செயலி ஒன்று, நீங்கள் மூடிய பிறகும் அறிவிப்பை விடாமல் காட்டிக்கொண்டே இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது கடன் செயலி. இதில் இந்தியாவில் இருப்பவர்களுக்குத் தெளிவான விதி ஒன்று இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் வழிகாட்டுதலின்படி, கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை வாடிக்கையாளரைச் சேர்ப்பதற்கும் கேஒய்சி சரிபார்ப்பதற்கும் ஒரே ஒரு முறை, அதுவும் கடன் வாங்குபவரின் வெளிப்படையான சம்மதத்தோடு மட்டுமே தொடலாம். தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு, கோப்புகள் ஆகியவற்றைத் தொடவே கூடாது. கேஒய்சி முடிந்து பல மாதம் கழித்தும் அந்த அனுமதி மூன்று பட்டியலிலும் நின்றுகொண்டிருக்கிறதென்றால், அதன் வேலை எப்போதோ முடிந்துவிட்டது என்று பொருள். முதலில் மூன்றையும் எடுத்துவிடுங்கள். ஆனால் செயலியை உடனே நீக்கிவிடாதீர்கள். நீக்கினால் போனிலிருந்துதான் போகும்; ஏற்கெனவே அவர்கள் சர்வருக்குப் போன தகவல் போகாது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் தகவலை அழிக்கச் சொல்லவும் அதே வழிகாட்டுதல் இடம் தருகிறது. கடன் அடைத்ததற்கான சான்றை இறக்கி வைத்துக்கொண்டு, அழிக்கக் கோரும் மின்னஞ்சலை அனுப்பிவிட்டு, அதன் பிறகு நீக்குங்கள். அப்படியே Contacts அனுமதிப் பக்கத்தையும் திறந்து, இந்தச் செயலியின் பெயர் அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கடன் செயலிகளில் பெரும் துன்பம் வந்தது அந்த வழியில்தான்.

டார்ச் செயலியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு 6 முதல், ஃபிளாஷ் விளக்கை எரிக்க ஒரு செயலிக்குக் கேமரா அனுமதியே தேவையில்லை. இருப்பிடத்துக்கு விளக்கோடு எந்தத் தொடர்பும் இல்லை. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் டிசம்பர் 2013இல் நடவடிக்கை எடுத்த பிரபலமான டார்ச் செயலி ஒன்று, கோடிக்கணக்கான போன்களில் இருந்துகொண்டு, பயன்படுத்துபவர்களின் துல்லியமான இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. போனிலேயே டார்ச் பொத்தான் இருக்கிறது. இதை நீக்கிவிடலாம்.

மீதமுள்ளவற்றில் குரோம் கொஞ்சம் வேறு மாதிரி. ஒரே வாசல் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு போல அது. பட்டியலில் குரோம் என்ற ஒரு பெயர்தான் தெரியும். உள்ளே எந்தெந்த இணையதளத்துக்கு மைக்கையும் இருப்பிடத்தையும் நீங்கள் கொடுத்தீர்கள் என்பது தெரியாது. குரோமின் செட்டிங்ஸில் `Site settings` போனால் தளவாரியாகக் கிடைக்கும். ஒருமுறை கடைக்கு வழி பார்க்க அனுமதித்த தளம் இன்னும் அங்கே இருக்கலாம். வாட்ஸ்அப்பில் மைக்கும் கேமராவும் வேண்டும். இருப்பிடம் தேவைப்படுவது நீங்கள் யாருக்காவது அதை அனுப்பும்போது மட்டும், அதனால் `Ask every time` சரியாக இருக்கும். கீபோர்டையும் டாக்ஸியையும் பணம் அனுப்பும் செயலியையும் விட்டுவிடுங்கள்.

இந்தப் படங்கள் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. அனுமதி இருக்கிறது என்று மட்டும்தான் அவை சொல்லும். அது பயன்படுத்தப்பட்டதா என்று சொல்லாது. அதற்கு ஆண்ட்ராய்டு 12 முதல் `Privacy dashboard` என்று தனிப் பக்கம் உண்டு. கடந்த 24 மணி நேரத்தில் எந்தச் செயலி எத்தனை மணிக்கு எதைத் தொட்டது என்று அதில் வரிசையாக வரும். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் நாட்காட்டிச் செயலி இருப்பிடத்தைப் படித்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். பிறருக்கு அனுப்பும்போது இந்தப் பக்கத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பினால் பார்ப்பவருக்கு வேலை எளிது. எந்த வங்கி, எந்த மருத்துவச் செயலி, எந்த வரன் தேடும் செயலி என்பதெல்லாம் இந்தப் படங்களில் தெரியும் என்பதால் குடும்பக் குழுவில் போடாமல் ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

ஐபோனில் இந்தப் பக்கம் செட்டிங்ஸில் `Privacy & Security` என்பதன் கீழ் இருக்கிறது. அங்கே `Location Services` திறந்தால் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே `Always`, `While Using` என்று இருக்கும். அங்கும் முதலில் பார்க்க வேண்டியது `Always`.

அனுமதியை எடுத்த பிறகு ஏதாவது வேலை நின்றுபோனால் பயப்பட வேண்டாம். ஒரு செயலி கேட்கும்போது நீங்கள் இரண்டு முறை மறுத்துவிட்டால், ஆண்ட்ராய்டு 11 முதல் அது மறுபடி கேட்க முடியாது; அதனால் வீடியோ அழைப்பில் உங்கள் குரல் எதிரே கேட்காமல் போனால், பழுது என்று நினைத்துக் கடைக்குப் போகிறவர்கள் உண்டு. அந்தச் செயலியின் சின்னத்தை அழுத்திப் பிடித்து, தகவல் பக்கத்தில் `Permissions` திறந்து, Microphone என்பதைப் பயன்படுத்தும்போது மட்டும் என்று மாற்றினால் குரல் திரும்ப வந்துவிடும்.