நிலத்தின் விலை ஏறினால் லாபமா?

கோவையை அடுத்த சூலூர் பக்கம் ஒரு நூற்பாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆலைக்காக 2004-ல் ஆறு ஏக்கர் வாங்கினார்கள். பத்திரச் செலவையும் சேர்த்து 2 கோடி ரூபாய் ஆனது. பதினைந்து ஆண்டுகள் கழித்தும் கணக்குப் புத்தகத்தில் அந்த நிலம் 2 கோடியாகவே இருக்கிறது. கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் தேய்மானம் எழுதுவதுபோல நிலத்துக்கு எழுதுவதில்லை என்பதால் அந்தத் தொகை குறையவும் இல்லை. ஆனால் அக்கம்பக்கத்தில் ஏக்கர் 2 கோடிக்குக் கைமாறுகிறது. ஆறு ஏக்கருக்கு 12 கோடி.

கணக்கில் 2 கோடி, சந்தையில் 12 கோடி. இடையில் இருக்கும் 10 கோடியைக் கணக்கில் காட்டலாமா, காட்டினால் எந்த இடத்தில் காட்டுவது, பிறகு விலை சரிந்தால் என்ன செய்வது என்பதற்கெல்லாம் இந்தியக் கணக்கியல் தரநிலை 16 விடை சொல்கிறது. ஆடிட்டர்கள் இதை ‘இண்ட் ஏஎஸ் 16’ என்பார்கள். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும், 250 கோடியும் அதற்கு மேலும் நிகர மதிப்புள்ள மற்ற நிறுவனங்களும் இதைப் பின்பற்றுகின்றன. சிறிய நிறுவனங்களுக்கு உரிய ஏஎஸ் 10-ன் விதியும் சாரத்தில் இதுவே.

மறுமதிப்பீடு கட்டாயமா?

இல்லை. வாங்கிய விலையிலேயே நிலத்தை வைத்திருக்கலாம். பல நிறுவனங்கள் அப்படித்தான் வைத்திருக்கின்றன. மறுமதிப்பீட்டு முறைக்கு மாறுவது நிறுவனத்தின் விருப்பம். மாறிவிட்டால் இரண்டு கடமைகள் கூடவே வரும்.

முதலாவது, விலை ஏறிய மனையை மட்டும் பொறுக்கி எடுத்து மதிப்பிட முடியாது. அந்த வகையைச் சேர்ந்த நிலம் முழுவதையும் மதிப்பிட வேண்டும். இரண்டாவது, ஒருமுறை செய்துவிட்டு விட்டுவிட முடியாது. சந்தை மதிப்புக்கும் கணக்கு மதிப்புக்கும் பெரிய இடைவெளி விழாதபடி தொடர்ந்து செய்ய வேண்டும். விலை அதிகம் ஆடாத இடங்களில் மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தால் போதும். வேகமாக ஏறி இறங்கும் இடங்களில் ஆண்டுதோறும் தேவைப்படலாம்.

இன்னொரு வரம்பும் உண்டு. ஆலையின் சொந்தப் பயன்பாட்டில் இருக்கும் நிலத்துக்கே இந்த முறை பொருந்தும். வாடகைக்கு விட்டதும், விலை ஏறட்டும் என்று சும்மா போட்டு வைத்ததும் ‘முதலீட்டுச் சொத்து’ ஆகிவிடும். இந்தியாவில் இண்ட் ஏஎஸ் 40 அத்தகைய சொத்தைச் செலவு விலையிலேயே வைக்கச் சொல்கிறது. சந்தை மதிப்பைக் குறிப்பில் தெரிவிக்க வேண்டும். கணக்கில் ஏற்றக் கூடாது.

எந்த மதிப்பு?

பத்திரப்பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பை எடுத்து ஏக்கரால் பெருக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. வழிகாட்டி மதிப்பு முத்திரைத்தாள் கட்டணத்துக்காக அரசு வைக்கும் அளவு. தமிழக அரசு 2017 ஜூனில் அதை 33 சதவீதம் குறைத்தது. 2023 ஏப்ரலில் மறுபடி பழைய அளவுக்குக் கொண்டுவந்தது. அந்த 2017 ஜூனில் ஒரே நாளில் மாநிலம் முழுக்க நிலத்தின் சந்தை விலை மூன்றில் ஒரு பங்கு விழுந்துவிடவில்லை. தரநிலை கேட்பது, விவரமறிந்து வாங்குபவரும் விற்பவரும் நெருக்கடி இல்லாமல் ஒப்புக்கொள்ளும் விலையை. பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் பக்கத்து நிலங்களின் அண்மைக் கிரயங்களைப் பார்த்து, சாலை முகப்பு, வில்லங்கம், நிலப் பயன்பாட்டு வகைப்பாடு ஆகியவற்றுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்து அந்த விலைக்கு வருவார்.

உயர்வு எங்கே போகிறது?

நம் ஆலை 2019 மார்ச் 31-ல் மறுமதிப்பீடு செய்கிறது. நிலத்தின் கணக்கில் 10 கோடி பற்று. மறுமதிப்பீட்டுக் காப்பில் 10 கோடி வரவு. இருப்புநிலைக் குறிப்பில் ஒரு பக்கம் நிலம் 12 கோடி ஆகிறது; மறுபக்கம் பங்குதாரர் நிதியில் 10 கோடி கூடுகிறது. லாப நட்டக் கணக்கின் லாபத்துக்குள் இது நுழைவதில்லை. அதற்குக் கீழே ‘பிற விரிவான வருமானம்’ என்ற தலைப்பில் காட்டப்பட்டு, அங்கிருந்து காப்புக்குப் போகிறது. நிலத்தை விற்றால் வரக்கூடிய வரியைக் கணித்து, அந்தத் தொகையை ‘பின்தள்ளிய வரி’ என்று ஒதுக்கிய பிறகு மீதியே காப்பில் நிற்கும். கணக்கு எளிதாக இருக்க, வரியை இங்கே விட்டுவிடுவோம்.

இவ்வளவு சுற்றுவழி எதற்கு? யாரும் நிலத்தை விற்கவில்லை, ஒரு ரூபாயும் கைக்கு வரவில்லை. லாபம் என்று எழுதினால், அடுத்த பொதுக்குழுவில் பங்குதாரர்கள் டிவிடெண்ட் கேட்பார்கள். கொடுக்கப் பணம் இருக்காது. அதனால்தான் 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டமும் மூன்று கதவுகளை அடைத்து வைத்திருக்கிறது. மறுமதிப்பீட்டு உயர்விலிருந்து டிவிடெண்ட் தர முடியாது. அந்தக் காப்பிலிருந்து போனஸ் பங்கு வெளியிட முடியாது. சட்டம் சொல்லும் ‘நிகர மதிப்பு’க் கணக்கிலும் அது சேராது.

அப்படியும் நிறுவனங்கள் ஏன் இதைச் செய்கின்றன? கடன் விகிதத்தைப் பாருங்கள். நம் ஆலைக்கு 12 கோடி கடன், 6 கோடி சொந்த நிதி. விகிதம் இரண்டுக்கு ஒன்று. காப்பு 10 கோடி சேர்ந்ததும் சொந்த நிதி 16 கோடி ஆகிறது, விகிதம் 0.75-க்கு இறங்குகிறது. கூடுதலாக ஒரு மூட்டை நூல்கூட விற்கவில்லை. இதனால் பல வங்கிகள் மறுமதிப்பீட்டுக் காப்பைக் கழித்துவிட்டே விகிதத்தைப் பார்க்கின்றன. வங்கிகளின் சொந்த மூலதனத்தைக் கணக்கிடும்போதும் ரிசர்வ் வங்கி இதே எச்சரிக்கையைக் காட்டுகிறது. கட்டட, நில மறுமதிப்பீட்டுக் காப்பை முதன்மை மூலதனத்தில் சேர்க்க 2016 மார்ச்சில் அனுமதித்தபோது, அதில் 55 சதவீதத்தைத் தள்ளிவிட்டு மீதியை மட்டுமே எண்ணச் சொன்னது.

விலை விழுந்தால்?

அருகில் வருவதாக இருந்த தொழிற்பூங்கா கைவிடப்படுகிறது. 2021-ல் நிலத்தின் மதிப்பு 8 கோடி. 4 கோடி வீழ்ச்சி. இந்த மனைக்காகக் காப்பில் 10 கோடி இருக்கிறது. ஆகவே 4 கோடியும் காப்பிலிருந்தே கழிகிறது. காப்பு 6 கோடி. லாபம் தொடப்படவில்லை.

அடுத்து, நிலத்தின் பெரும்பகுதி நீர்நிலைப் புறம்போக்கு என்று வருவாய்த் துறையிலிருந்து நோட்டீஸ் வருகிறது. வாங்க ஆளில்லை. 2022-ல் மதிப்பு 1.5 கோடி. இம்முறை வீழ்ச்சி 6.5 கோடி, காப்பிலோ 6 கோடிதான் இருக்கிறது. அந்த 6 கோடி முழுவதும் கரைகிறது. மிஞ்சிய 50 லட்சம் லாப நட்டக் கணக்கில் நட்டமாக விழுகிறது. வாங்கிய விலையான 2 கோடிக்குக் கீழே மதிப்பு போனது சரியாக அந்த 50 லட்சம்தான். காப்பு காலியானதும், உண்மையில் போட்ட பணத்தின் இழப்பு லாபத்தை அடிக்க ஆரம்பிக்கிறது.

2025-ல் வழக்கில் ஒரு பகுதி நிலத்துக்குத் தீர்ப்பு சாதகமாகிறது. மதிப்பு 5 கோடி. 3.5 கோடி உயர்வு. இதை அப்படியே காப்பில் போட முடியாது. முன்பு நட்டமாக எழுதிய 50 லட்சத்தை முதலில் லாப நட்டக் கணக்கிலேயே ஈடுகட்ட வேண்டும். மீதி 3 கோடி காப்புக்கு.

| ஆண்டு | நில மதிப்பு | காப்பு இருப்பு | லாப நட்டக் கணக்கில் |
|---|---|---|---|
| 2019 | 12 கோடி | 10 கோடி | இல்லை |
| 2021 | 8 கோடி | 6 கோடி | இல்லை |
| 2022 | 1.5 கோடி | 0 | 50 லட்சம் நட்டம் |
| 2025 | 5 கோடி | 3 கோடி | 50 லட்சம் வரவு |

ஒவ்வொரு வரியிலும் நில மதிப்பிலிருந்து காப்பைக் கழித்துப் பாருங்கள். 2 கோடி வரும். 2022-ல் மட்டும் 1.5 கோடி வரும். அந்த 50 லட்சம் குறைவுதான் நட்டமாகப் பதிவானது. கணக்கு சரியா என்று பார்க்க இந்தக் கழித்தலே போதும்.

ஒரு மனையின் காப்பு இன்னொன்றுக்கு உதவாது

பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஆலைக்கு உடுமலையில் ஒரு கிடங்கு நிலமும் உண்டு. அடக்கவிலை 3 கோடி. 2019 மறுமதிப்பீட்டில் அது 2.2 கோடிக்கு இறங்கிவிட்டது. சூலூரில் 10 கோடி ஏற்றம், உடுமலையில் 80 லட்சம் இறக்கம், கழித்து 9.2 கோடியைக் காப்பில் போட்டால் என்ன? கூடாது. மதிப்பிடுவது வகை முழுவதற்கும். ஏற்ற இறக்கத்தைப் பதிவது ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியாக. சூலூர் மனைக்கு 10 கோடி காப்பு. உடுமலை மனைக்கு முன்பு காப்பே இல்லை என்பதால் 80 லட்சமும் அந்த ஆண்டின் நட்டம். இருப்புநிலைக் குறிப்பில் காப்பு ஒரே தொகையாகத் தெரிந்தாலும், அதன் பின்னால் மனைவாரியாக ஒரு பட்டியல் இருந்தாக வேண்டும். அது இல்லாத நிறுவனத்தில் பிந்தைய வீழ்ச்சியைச் சரியாக எழுத வழியே இல்லை.

விற்கும்போது

2026-ல் சூலூர் நிலம் 5.4 கோடிக்கு விற்கப்படுகிறது. கணக்கு மதிப்பு 5 கோடி. லாப நட்டக் கணக்கில் வரும் ஆதாயம் 40 லட்சம் மட்டுமே. காப்பில் இருக்கும் 3 கோடி, லாப நட்டக் கணக்கைத் தொடாமல், பங்குதாரர் நிதிக்குள்ளேயே ‘தக்கவைத்த வருவாய்’க்கு நேராக மாற்றப்படலாம். இரண்டையும் கூட்டினால் 3.4 கோடி, 2 கோடிக்கு வாங்கி 5.4 கோடிக்கு விற்றதன் ஆதாயம் அதுதான். வருமான வரித் துறை ஆதாயத்தைக் கணக்கிடுவதும் வாங்கிய விலையிலிருந்துதான். இடையில் செய்த மறுமதிப்பீடு அதற்குப் பொருட்டல்ல.

ஆண்டறிக்கையில் எங்கே பார்ப்பது?

சொந்தப் பயன்பாட்டு நிலத்தின் மதிப்பு உயர்வு ‘இதர வருமானம்’ என்ற வரியில் இருந்தால், முந்தைய நட்டத்தின் ஈட்டுப் பதிவா என்று கேளுங்கள். இல்லையென்றால் அது தவறு. காப்பு குறைந்த ஆண்டில் பிற விரிவான வருமானத்தில் அதே அளவு இறக்கமோ, நில விற்பனையோ இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், வேறு ஏதோ நட்டத்தைக் காப்பில் தள்ளியிருக்கலாம். மதிப்பிட்டவர் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரா என்று 2021-லிருந்து நிறுவனங்கள் குறிப்பில் சொல்ல வேண்டும்; அதையும் வாசியுங்கள். கடைசியாக, மறுமதிப்பீட்டின் தேதியைக் கடன் புதுப்பித்த தேதியோடு ஒப்பிடுங்கள். நில விலை ஏறிய ஆண்டுகளில் எல்லாம் சும்மா இருந்துவிட்டு, வங்கிக்குக் கணக்குக் காட்ட வேண்டிய ஆண்டில் மட்டும் மதிப்பீட்டாளரை அழைத்திருந்தால், அந்தக் காப்பைக் கழித்துவிட்டு நிறுவனத்தின் பலத்தை எடை போடுவதே முறை.