முதுகுக்குப் பின்னால் பற்றும் நெருப்பு

அன்று காலை என் சித்தி தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிட்டு, எதிர்த் திட்டிலிருந்த மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். அடுப்பு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கருகல் வாடை வந்ததும் தோசைதான் தீய்கிறது என்று நினைத்தார். திரும்புவதற்குள் முதுகில் சூடு ஏறியது. பதறிப்போய் தண்ணீருக்காகக் கொல்லைப்புறம் ஓடினார். இடுப்பளவில் இருந்த நெருப்பு, அந்தப் பத்தடி ஓட்டத்தில் கூந்தலைத் தொட்டுவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா அவரைப் பிடித்துத் தரையில் தள்ளி, ஜமுக்காளத்தைப் போட்டு அமுக்கியதால் பிழைத்தார். ஒன்றரை மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

அவருக்கு நடந்ததை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், முந்தானையும் துப்பட்டாவும் ஏன் இவ்வளவு சீக்கிரம் பற்றுகின்றன என்பது விளங்கும்.

முதலில் உயரம். சமையல் மேடை ஏறக்குறைய இடுப்பளவு இருக்கும். அதன்மேல் அடுப்பை வைத்தால் சுடர் தரையிலிருந்து சுமார் மூன்றடி உயரத்தில் எரியும். தோளில் போட்ட முந்தானை முதுகு வழியாக முழங்கால் வரை தொங்குகிறது. அதனால் நாம் எங்கே நின்றாலும் அதன் ஓரம் சுடரின் உயரத்தில்தான் இருக்கிறது. சட்டென்று திரும்பும்போது உடம்பு நின்றுவிடும், துணி நிற்காது. வீசிப் போய் அடுப்பின் மேல் விழும். துப்பட்டாவின் இரண்டு முனைகளும் பின்னால் தொங்குவதால் அங்கே ஆபத்து இரட்டிப்பு. அடுப்புக்குப் பின்னால் உள்ள அலமாரியில் உப்பு டப்பாவை எடுக்கக் குனியும்போது, தோளிலிருந்து சரிந்த துணி நேராகச் சுடருக்குள் போகிறது. முந்தானையாலேயே பாத்திரத்தைப் பிடித்து இறக்குவது இன்னொரு வழி. கண் பாத்திரத்தின் மேல் இருக்க, நுனி பக்கத்து அடுப்பில் கிடக்கும்.

கேஸ் சுடரின் நீலம் முடியும் இடத்தில் சூடு முடிந்துவிடுவதில்லை. அதற்கு வெளியே கண்ணுக்குத் தெரியாத கொதிக்கும் காற்று இருக்கிறது. சின்னப் பாத்திரத்தை வைத்துப் பெரிய தீயை எரியவிட்டால், அந்தச் சூடு பாத்திரத்தின் பக்கவாட்டில் பொங்கி வழியும். ஜன்னல் வெயில் அடிக்கும் அடுப்பங்கரையில் நீலச் சுடர்கூடச் சரியாகத் தெரியாது.

அடுத்தது துணி. நகலெடுக்கப் பயன்படுத்தும் வெள்ளைத் தாள் சதுர மீட்டருக்கு 70 முதல் 80 கிராம் எடை இருக்கும். மெல்லிய வாயில், ஜார்ஜெட், ஷிஃபான் போன்றவை ஏறத்தாழ அதே எடையோ அதற்கும் குறைவோதான். பருத்தியும் தாளும் அடிப்படையில் ஒரே பொருள், இரண்டுமே செல்லுலோஸ். ஐந்தரை மீட்டர் சேலையை விரித்தால் அதன் பரப்பு அந்த வெள்ளைத் தாள் சுமார் நூறுக்குச் சமம். நூறு தாளை அடுக்கிக் கட்டி நெருப்பில் காட்டினால் எளிதில் பற்றாது. அதையே ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை. சேலையின் கதை அந்த இரண்டாவது வகை. இருபுறமும் காற்று, கொசுவ மடிப்புகளுக்கு நடுவிலும் காற்று.

நுனி இன்னும் மோசம். துணி சூடாகும்போது அதிலிருந்து வெளிவரும் வாயுதான் சுடர்விட்டு எரிகிறது. துணியின் நடுப்பகுதியில் சூடு பட்டால், அது சுற்றியுள்ள இழைகளுக்குப் பரவிக் கொஞ்சம் தணியும். ஓரத்தில் அப்படிப் பரவ இடமில்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சூடேறுகிறது. முந்தானைக் குஞ்சத்தில் ஒவ்வொரு நூலும் தனித்தனியாக நிற்பதால் அது விளக்குத் திரியைப் போலப் பற்றுகிறது.

பற்றியபின் அது ஏறும் வேகத்துக்கு ஒரு தீக்குச்சியே போதுமான விளக்கம். கொளுத்திய குச்சியை மருந்து முனை மேலே இருக்கும்படி பிடித்தால் நெருப்பு மெதுவாக இறங்கும், சில சமயம் அணைந்தும் விடும். தலைகீழாகப் பிடித்தால் விரலைச் சுட்டுவிடும். சூடான காற்று மேலே போவதுதான் காரணம். அது மேலே இருக்கும் பகுதியை முன்கூட்டியே சூடாக்கி வைக்கிறது, சுடர் பின்னால் வந்து பிடித்துக்கொள்கிறது. தொங்கும் முந்தானை தலைகீழாகப் பிடித்த தீக்குச்சி. ஓடினால் புதுக் காற்றும் சேர்கிறது.

“நான் சிந்தெடிக்தான் கட்டுகிறேன், அது எரியாது, உருகத்தான் செய்யும்” என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பாலியஸ்டர் 250 டிகிரிக்குச் சற்று மேலே உருகும் என்பது உண்மை. சில நேரம் சுடரைவிட்டுச் சுருங்கி விலகவும் செய்யும். ஆனால் உருகிய துணி கொதிக்கும் பசைபோலத் தோலில் ஒட்டிக்கொண்டு, விடாமல் சுடும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியில் நிலைமை இன்னும் மோசம். பருத்தி இழை கரியாகி நிற்க, உருகிய பாலியஸ்டர் கீழே சொட்டவும் வழியின்றி, அந்தக் கரியைத் திரியாக வைத்து எரிகிறது. மேலே சிந்தெடிக் சேலையும் உள்ளே பருத்திப் பாவாடையும் சேர்ந்தாலும் இதே போல் நடக்கலாம். பட்டு மட்டும் கொஞ்சம் தேவலை. முடி கருகும் வாடையோடு மெதுவாக எரியும், நெருப்பை விலக்கினால் பெரும்பாலும் அணைந்துவிடும். அதற்காக யாரும் பட்டு கட்டிக்கொண்டு தினமும் சமைக்கப் போவதில்லை.

சித்தியின் சேலை தோளில் பின் குத்தியிருந்தது. அவர் இழுத்து எறிய முயன்றும் வரவில்லை. பாவாடை நாடாவின் முடிச்சும் அவிழவில்லை. பின் குத்தாத துப்பட்டாவாக இருந்தால் உருவி எறிந்துவிடலாம். அதனால்தான் அடுப்பருகே துப்பட்டாவே வேண்டாம் என்கிறேன், கதவு ஆணியில் மாட்டிவிட்டுப் போகலாம். சேலை என்றால் நம் பாட்டிமார் செய்ததுதான் சரி. முந்தானையைப் பின்னாலிருந்து வலப்பக்கமாக முன்னுக்குச் சுற்றி, இழுத்து இடுப்பில் செருகிவிட்டே அடுப்பைப் பற்றவைத்தார்கள். அப்போது ஆடுவதற்கு நுனி இல்லை. பின் மட்டும் குத்துவது இதற்கு ஈடாகாது. அது தோளைத்தான் பிடித்து வைக்கும், கீழே தொங்குவதை அல்ல.

பற்றிவிட்டால் ஓடக் கூடாது. உடனே படுத்துவிட வேண்டும். படுத்தவுடன் நெருப்பு முகத்துக்கு ஏறும் பாதை அறுந்துவிடுகிறது. கைகளால் முகத்தை மூடிக்கொண்டு புரள வேண்டும். குறுகலான அடுப்பங்கரையில் புரள இடமில்லாவிட்டால், எரியும் பக்கத்தைத் தரையோடு அழுத்திக் கிடக்கலாம். பக்கத்தில் இருப்பவர் வாளித் தண்ணீரைக் கொட்டலாம், அல்லது கனத்த பருத்திப் போர்வை, ஜமுக்காளம், கம்பளியால் கழுத்திலிருந்து கால் நோக்கி மூடி அமுக்கலாம். நைலான் போர்வை கூடாது.

அணைந்தபின் புண்ணின் மேல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓட வேண்டும். சுடர் போனாலும் தோலுக்குள் போன சூடு உள்ளே சுட்டுக்கொண்டேதான் இருக்கிறது. வீக்கம் வருமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது, தோலோடு வந்துவிடும். தோசை மாவு, பற்பசை, இங்க், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். இதற்கிடையில் ஒருவர் 108-ஐ அழைத்துவிட வேண்டும்.

சித்தி வீட்டில் மிக்ஸி இப்போது அடுப்பு இருக்கும் மேடையிலேயே, இரண்டடி தள்ளி இருக்கிறது. உப்பும் மிளகாய்த்தூளும் அடுப்புக்கு மேலிருந்த அலமாரியை விட்டுப் பக்கத்துச் சுவருக்கு வந்துவிட்டன. கைப்பிடித் துணிக்கென்று ஒரு ஆணி அடித்திருக்கிறார். நான் போகும்போதெல்லாம் அதில் பழைய துண்டு ஒன்று நான்காக மடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்.