விமானமா, கிடங்கா?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வியோடு வந்தார். கப்பலில் செல்ல வேண்டிய சரக்கு தாமதமானதால், தன் செலவில் அதை விமானத்தில் ஐரோப்பாவுக்கு அனுப்ப நேர்ந்திருந்தது. "இனி எப்போதும் நூலைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளலாமா, ஐயா?" என்பதே கேள்வி. இருவரும் அமர்ந்து கணக்கிட்டோம். எளிமைக்காக முழு எண்களில் அதை இங்கே தருகிறேன்.

ஆர்டர் 20,000 டி-ஷர்ட்டுகள். ஒன்று 250 ரூபாய் வீதம் மதிப்பு 50 லட்சம் ரூபாய். லாபம் எட்டு விழுக்காடு, அதாவது 4 லட்சம். பெட்டிகளோடு சேர்த்து எடை 4,000 கிலோ. விமானக் கட்டணம் கிலோவுக்கு 250 ரூபாய் என்றால் 10 லட்சம் ரூபாய். ஒருமுறை விமானத்தில் அனுப்பினால் இரண்டரை ஆர்டர்களின் லாபம் போய்விடுகிறது.

மறுபக்கம் இருப்பு. தைத்து முடித்த ஆடையை முன்கூட்டியே சேர்த்து வைக்க இயலாது; அளவும் நிறமும் முத்திரையும் ஆர்டருக்கு ஆர்டர் மாறும். சாயமேற்றாத நூலை வைக்கலாம். அது எந்த ஆர்டருக்கும் பயன்படும். இந்த ஆர்டருக்குக் கழிவு உட்பட 4,400 கிலோ நூல் வேண்டும். கிலோ 250 ரூபாய் என்றால் 11 லட்சம். இத்தொகை முழுவதும் ஆண்டுச் செலவன்று. வங்கி வட்டி, கிடங்கு வாடகை, காப்பீடு, விலைச்சரிவு அபாயம் ஆகியவற்றுக்கு 18 விழுக்காடு என்று வைத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 லட்சம். விலைச்சரிவு வெறும் கற்பனையன்று. 2022-இன் முற்பகுதியில் உச்சம் தொட்ட நூல் விலை அவ்வாண்டே சரிந்ததைத் திருப்பூர் கண்டது.

இருப்பின் செலவு 2 லட்சம் ஆண்டுதோறும் உறுதி. விமானச் செலவு 10 லட்சம் எப்போதாவது. எனவே ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறைக்கு மேல் இருப்பு நம்மை விமானத்திலிருந்து காப்பாற்றினால் அது லாபம். அதற்குக் குறைந்தால் நட்டம். ஆண்டுக்கு ஆறு ஆர்டர்கள் என்றால், முப்பதில் ஒன்று என்பதே எல்லைக்கோடு.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கடந்த நான்கு ஆண்டுகளில் மாணவர் மூன்று முறை விமானத்தை நாடியிருந்தார். மூன்றுக்கும் 30 லட்சம், நான்காண்டு இருப்புக்கு 8 லட்சம் என்று ஒப்பிட்டு, இருப்பே மேல் என அவர் முடிவு செய்திருந்தார். கோப்புகளைப் புரட்டினோம். ஒருமுறை மட்டுமே நூல் தாமதம். மற்றொன்றில் சாயப்பட்டறை துணியைத் திருப்பித் தரவில்லை. மூன்றாவதில், வாங்குபவர் நிற மாதிரிக்கு ஒப்புதல் தரத் தாமதித்திருந்தார். கிடங்கு நிறைய நூல் இருந்தாலும் பின்னிரண்டும் நிகழ்ந்திருக்கும். உயர்நீதிமன்ற உத்தரவால் 2011-இல் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, நூல் இருப்பு யாரையும் காப்பாற்றியிருக்க முடியாது. ஆக, உண்மையான ஒப்பீடு 8 லட்சத்துக்கும் 10 லட்சத்துக்கும் இடையில்தான். வெற்றிதான், ஆனால் மயிரிழை வெற்றி.

அதை விரிவாக்க வழியுண்டு. நூற்பாலையின் தாமதம் பெரும்பாலும் ஒரு வாரமே. பாதி நூல் கையிலிருந்தால் பின்னல் உரிய நாளில் தொடங்கிவிடும். மீதி வருவதற்குள் அது தீராது. செலவு ஆண்டுக்கு 1 லட்சமாகக் குறையும். நான்காண்டுக்கு 4 லட்சம் செலவிட்டு 10 லட்சத்தைத் தவிர்ப்பது தெளிவான லாபம்.

விமானத்தையும் முழுதாக வாங்க வேண்டியதில்லை. கடை திறப்பு நாளுக்குத் தேவையான 5,000 ஆடைகளை மட்டும் விமானத்திலும், மீதியைக் கப்பலிலும் அனுப்ப வாங்குபவர் இசைந்தால், 10 லட்சம் இரண்டரை லட்சமாகும். கேட்டால்தான் கிடைக்கும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: விமான நிறுவனம் எடை, பெட்டியின் கொள்ளளவு இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம் வாங்கும். தடித்த குளிர்கால ஆடைகளுக்கு மேற்சொன்ன கணக்கு கைகொடுக்காது.

மற்ற இரு தாமதங்களுக்கு மருந்து வேறு. சாயத்துக்கு இரண்டாவது பட்டறையோடு முன்பதிவு. ஒப்புதலுக்கு, எத்தனை நாள் தாமதமோ அத்தனை நாள் கப்பலேற்றும் தேதியும் தள்ளிப்போகும் என்று அன்றே எழுதும் ஒரு மின்னஞ்சல். மாணவர் அதை எழுதவில்லை. அதனால் வாங்குபவரின் தவறுக்கு இவர் 10 லட்சம் கட்டினார்.

இருப்பின் செலவு மாதந்தோறும் வட்டியாகக் கண்ணை உறுத்துகிறது. விமானச் செலவோ விதியின் கணக்கில் எழுதப்பட்டு மறக்கப்படுகிறது. ஒவ்வொரு விமானச் சீட்டின் பின்னும் காரணத்தை ஒரு வரியில் எழுதி வைத்தால், நான்காண்டுகளில் அந்தக் கோப்பே விடை சொல்லிவிடும்.