"கறள் பிடிக்கும்" என்று எழுதி விற்ற கத்தி

எபினேயில் எங்கட குசினியில் ஒரு கத்தி இருக்கிறது. கத்திக்குப் பேர்போன தியேர் பக்கத்தில் ஒரு கொல்லர் அடித்தது. இணையத்தில் அவர் எழுதியிருந்த விவரத்தின் முதல் வரியே, "இது கறள் பிடிக்கும்." விற்க நினைக்கிற ஆள் இப்படியா எழுதுவார் என்று மனைவி சிரித்தா. நான் அந்த வரிக்காகத்தான் வாங்கினேன்.

அதுக்கு முதல் பார்த்ததெல்லாம் "67 அடுக்கு டமாஸ்கஸ்" ரகம். அந்த அடுக்குகள் வெளித்தோல் மட்டும்தான். வெட்டுவது நடுவில் இருக்கிற உருக்கு. அதன் பெயர் இல்லையென்றால் விவரம் ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். மலிவான சிலவற்றில் அந்தக் கோலமே லேசரால் கீறினது.

இவர் உருக்கின் பெயரைச் சொல்லி, கரிமம் சுமார் 1 சதவீதம், குரோமியம் கிட்டத்தட்ட இல்லை என்று எழுதியிருந்தார். கறள் பிடிக்காத உருக்கென்றால் 10.5 சதவீதக் குரோமியமாவது வேண்டும். கடினம் ராக்வெல் அளவில் 61, அதுவும் அதே சூட்டில் பதப்படுத்திய துண்டொன்றில் சோதித்தது. வழக்கமான ஜெர்மன் கத்திகள் 56, 58 அளவில்தான். கடினம் கூடினால் கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் வளையாது, உடையும். "எலும்பு, விறைச்ச இறைச்சி வெட்டாதீர்கள்" என்றும் இருந்தது.

அதை வாசித்தும் நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை. லாச்சப்பலில் வாங்கி விறைக்க வைத்த அறக்குளாவை அம்மா அதால் கொத்தினா. அடுத்த நாள் தக்காளியில் கத்தி சிக்கியது. கூர் விளிம்பை விளக்குக்கு நேரே பிடித்தேன். நல்ல விளிம்பு ஒளியைத் திருப்பி அடிக்காது. இதில் ஒரு இடம் பளிச்சென்றது, அரை மில்லிமீற்றர் பிளவு. பிளவை மட்டும் தீட்ட ஏலாது, முழு விளிம்பையும் அந்த ஆழத்துக்குக் குறைக்க வேணும். 400 கல்லில் தொடங்கி 1000 கல்லில் முடிக்க ஒரு ஞாயிறு மத்தியானம் போயிற்று.

எடைச் சமநிலை பற்றியும் நேர்மையாகவே எழுதியிருந்தார்: பிடியிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் முன்னால். விரலில் வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. அலகுப் பக்கம் பாரம் கூட என்பதால் வெங்காயம் அரிய அழுத்தத் தேவையில்லை. பழங்களைக் கையில் பிடித்துச் சீவத்தான் அலுப்பு.

பராமரிப்பு சுருக்கம்தான். தேசிக்காயோ பழப்புளியோ பட்டால் உடனே கழுவித் துடைக்க வேணும், பாத்திரம் கழுவும் மெசினுக்குள் போடக்கூடாது. சில கிழமையில் அலகு நீலச் சாம்பல் நிறமானது. அம்மா தேய்க்க வெளிக்கிட்டா, தடுத்தேன். அந்தப் படலம் கறளைக் கொஞ்சம் தடுக்கும். செம்மஞ்சளாகத் தூள் கையில் ஒட்டினால்தான் கறள்.

மீனுக்கு இப்ப பழைய தடித்த கத்தி லாச்சியில் தனியாக இருக்கிறது. அம்மாவுக்கு அதுதான் பிடிப்பு.