ஆறு மணி நேரம் மூன்றானது எப்படி?

மருத்துவமனை நிர்வாகிகளின் தன்விவரக் குறிப்புகளில் ‘சிறந்த தலைமைப் பண்பு’ தவறாமல் இருக்கும். தேர்வுக் குழு அதைத் தாண்டிப் போய்விடும். அதைவிட, டிஸ்சார்ஜ் நேரம் என்ற ஒரே விஷயத்தை ஒழுங்காக எழுதினாலே போதும் என்பேன்.

டாக்டர் காலையில் ‘வீட்டுக்குப் போகலாம்’ என்கிறார். நோயாளி கிளம்ப மாலையாகிறது. மீந்த மருந்துகள் பார்மசிக்குத் திரும்ப வேண்டும், டிஸ்சார்ஜ் சம்மரி தயாராக வேண்டும், பில் போட வேண்டும், காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் வர வேண்டும். அதுவரை அந்தப் படுக்கைக்காக அவசரப் பிரிவில் இன்னொருவர் காத்திருப்பார்.

ஓர் உதாரணம்: “200 படுக்கை மருத்துவமனையில், டாக்டரின் உத்தரவு முதல் நோயாளி வெளியேறும் வரையிலான சராசரி நேரம் ஓராண்டில் 6 மணியிலிருந்து 3 மணியாகக் குறைந்தது. சம்மரியையும் மருந்துக் கணக்கையும் முந்தைய மாலையே முடிக்கும் யோசனை வார்டு செவிலியர்களுடையது. அதற்காக மாலை ஷிப்டில் ஒருவரைக் கூட்டினேன். 30 நாளுக்குள் மீண்டும் சேர்ந்தவர்களின் விகிதம் உயரவில்லை.”

கடைசி வரிதான் முக்கியம். அது இல்லாவிட்டால், குணமாகாதவர்களை அவசரமாக அனுப்பினாரோ என்ற சந்தேகம் வரும். கடிகாரம் எங்கே தொடங்கியது என்பதையும் பாருங்கள். பில் தயாரான பிறகு எண்ணத் தொடங்கினால் எந்த மருத்துவமனையும் வேகமானதுதான். காப்பீட்டு நோயாளிகளின் கணக்கைத் தனியாகக் காட்டுவது நேர்மை. அங்கே தாமதத்தில் ஒரு பகுதி நிர்வாகியின் கையில் இல்லை.