கடைசிக் கொடியிலிருந்து கணக்கு

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 2002-இல் ஒளிபரப்பான ‘சர்வைவர்’ தொடர் தாய்லாந்தில் படமாக்கப்பட்டது. அதில் ஒரு போட்டிக்கு 21 கொடிகளை வைத்தார்கள். இரண்டு அணிகள் மாறி மாறிக் கொடி எடுக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்கலாம். எடுக்காமல் விடக் கூடாது. கடைசிக் கொடியை எடுக்கும் அணிக்கு வெற்றி. முதல் அணி 2 கொடிகளை எடுத்தது, மிச்சம் 19. எதிரணியும் 2 எடுத்தது, மிச்சம் 17.

இரண்டுமே தப்பான ஆட்டம்.

21 கொடிகளைப் பார்த்துக்கொண்டு ‘நான் இதை எடுத்தால் அவன் அதை எடுப்பான்’ என்று யோசிக்கத் தொடங்கினால் நாலைந்து முறைக்குள் தலை சுற்றிவிடும். ஆட்டம் முடியும் இடத்திலிருந்து பின்னோக்கி வந்தால் வேலை சுலபம். கொடியே மிச்சமில்லாதபோது யாருடைய முறை வருகிறதோ அவர் தோற்றுவிட்டார். கடைசிக் கொடி எதிராளி கையில் இருக்கிறது. ஆகவே பூஜ்யம் ஒரு தோல்வி எண். 1, 2, 3 கொடிகள் இருந்தால் மொத்தத்தையும் அள்ளிவிடலாம். அவை வெற்றி எண்கள். 4 இருந்தால்? ஒன்று எடுத்தால் 3, இரண்டு எடுத்தால் 2, மூன்று எடுத்தால் 1. எதை எடுத்தாலும் எதிராளிக்கு வெற்றி எண்ணைத்தான் கொடுக்க முடியும். எனவே 4 தோல்வி எண். 5, 6, 7-இல் இருப்பவர் எதிராளியை 4-க்குத் தள்ளிவிடலாம். 8-இல் இருப்பவருக்கு மறுபடியும் தப்ப வழியில்லை.

இந்த வேலைக்கு இரண்டே விதிகள் போதும். ஏதாவது ஒரு வழியில் தோல்வி எண்ணுக்குப் போக முடிந்தால் அது வெற்றி எண். போகும் வழியெல்லாம் வெற்றி எண்ணாகவே இருந்தால் அது தோல்வி எண். கொடிப் போட்டியில் தோல்வி எண்கள் 0, 4, 8, 12, 16, 20. முதல் அணி ஒரே ஒரு கொடியை எடுத்து எதிரணியிடம் 20-ஐ விட்டிருக்க வேண்டும். பிறகு அவர்கள் 1 எடுத்தால் இவர்கள் 3, அவர்கள் 2 எடுத்தால் இவர்கள் 2 என்று ஒவ்வொரு சுற்றையும் நான்காக முடித்துக்கொண்டே போகலாம். 19 கையில் கிடைத்த எதிரணி 3 எடுத்து 16-ஐ விட்டிருந்தால் ஆட்டம் அவர்கள் பக்கம் திரும்பியிருக்கும்.

‘ஓகோ, நான்கின் மடங்கு!’ என்று மனப்பாடம் செய்து வைத்துக்கொள்பவர்கள் மாட்டிக்கொள்வது விதி மாறும்போதுதான். கடைசிக் கொடியை எடுப்பவர் தோற்பார் என்று திருப்பிவிட்டால் தோல்வி எண்கள் 1, 5, 9, 13, 17, 21 ஆகிவிடும். அதே 21 கொடிகள்தான். ஆனால் இப்போது முதலில் ஆடுபவருக்கு வாய்ப்பில்லை, எதிராளி தவறினால் ஒழிய.

இன்னும் கொஞ்சம் குறும்பான விதி: 1, 3, 4 ஆகிய எண்ணிக்கைகளில் மட்டும் எடுக்கலாம், 2 எடுக்கக் கூடாது. கடைசிக் கொடியை எடுப்பவருக்கே வெற்றி. இங்கே மடங்கு எதுவும் கைகொடுக்காது, பட்டியல்தான் போட வேண்டும். 0 தோல்வி. 1 வெற்றி. 2-இல் ஒன்றைத்தான் எடுக்க முடியும், அது எதிராளியை 1-இல் நிறுத்தும். ஆக 2 தோல்வி. 3, 4 இரண்டும் ஒரே அள்ளில் முடியும். 5-இலிருந்து 3 எடுத்தும், 6-இலிருந்து 4 எடுத்தும் எதிராளியை 2-க்குத் தள்ளலாம். 7-இலிருந்து போகக்கூடியவை 6, 4, 3. மூன்றும் வெற்றி எண்கள், அதனால் 7 தோல்வி. இப்படியே தொடர்ந்தால் தோல்வி எண்கள் 0, 2, 7, 9, 14, 16, 21 என்று நொண்டி நொண்டி நடக்கின்றன. ஏழு எண்களுக்கு ஒருமுறை அதே கோலம் திரும்பி வருகிறது. ஏழு வருமென்று விதியைப் பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் தோன்றாது.

கொடிகளைப் பல குவியல்களாகப் பிரித்து, ஒரு முறைக்கு ஒரே குவியலிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால் அதுதான் ‘நிம்’. பின்னோக்கிப் பார்க்கும் அதே முறை இதற்கும் செல்லும். இரண்டு சமமான குவியல்கள் தோல்வி நிலை. எதிராளி ஒன்றில் எடுப்பதை மற்றதில் நகல் எடுத்தே வென்றுவிடுவார். ஆனால் பட்டியல் ஊதிப் பெருக்கும். மூன்று குவியல்கள், ஒவ்வொன்றிலும் பத்து வரை என்றாலே 1331 நிலைகளை எழுத வேண்டியிருக்கும்.

அந்தச் சுமையை இறக்கியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் பூட்டன். ‘நிம்’ என்று பெயர் வைத்தவரும் அவரே. 1901-02 ஆண்டுக்கான கணித இதழொன்றில் வெளிவந்த கட்டுரையில் அவர் காட்டிய வழி: ஒவ்வொரு குவியலையும் 1, 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும் எண்களாக உடைக்க வேண்டும். எல்லாத் துண்டுகளும் ஜோடி சேர்ந்துவிட்டால் அது தோல்வி நிலை. 3, 4, 5 என்று மூன்று குவியல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 3 என்பது 2-உம் 1-உம்; 4 அப்படியே 4; 5 என்பது 4-உம் 1-உம். நான்குகள் இரண்டு, ஒன்றுகள் இரண்டு. ஜோடியில்லாமல் நிற்பது 3 கொடிகள் கொண்ட குவியலில் உள்ள 2 மட்டும். அந்த இரண்டை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 1, 4, 5. எதிராளி எந்தக் குவியலில் கை வைத்தாலும் ஒரு ஜோடியாவது உடையும். அதைச் சரிசெய்ய ஒரு வழி எப்போதும் இருக்கும்.